80 சதவீதம் எதைச் சொல்கிறது?

"உயரத்தின் மரபுவழிப் பங்கு 80 சதவீதம் என்றால், என் 170 செ.மீ. உயரத்தில் 136 செ.மீ. மரபணு தந்ததா?"

இல்லை நண்பரே. அந்த எண் ஒருவரின் உடலைக் கூறுபோடுவதில்லை. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் உள்ள உயர வேறுபாட்டைத்தான் பிரிக்கிறது. இதை இரட்டையரை ஒப்பிட்டுக் கணிக்கிறார்கள். மரபணுக்கள் முழுதும் ஒத்த ஒரு கரு இரட்டையரிடம் உயர ஒப்புமை 0.9, சராசரியாகப் பாதி மட்டும் ஒத்த இரு கரு இரட்டையரிடம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.4. இது பாதி மரபணுக்களின் விளைவு என்பதால் இரட்டித்தால் 0.8, அதாவது 80 சதவீதம்.

எண் பெரிதென்றால் மாற்றவே முடியாது என்று பலர் முடிவு கட்டுவதுதான் எனக்கு வேதனை. தென் கொரியாவில் 1996இல் பிறந்த பெண்கள், 1896இல் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறாண்டில் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிடவில்லை. ஊட்டமும் உடல்நலமும் மாறின. எல்லோரும் சேர்ந்தே உயர்ந்தால் அவர்களுக்குள் உள்ள வேறுபாடு குறையாது, அந்த 80 சதவீதமும் அசையாது.