பிரஸ் மெஷினின் மதிப்பைக் கணக்குப் புத்தகத்தில் பழைய இரும்பு விலைக்குக் குறைக்க வேண்டுமா?

"பித்தளைக் குடத்துக்குச் சந்தை போயிடுச்சு, பிரஸ் மெஷினை இன்னைக்கு விக்கிற விலைக்கு எழுதிடணும்."

இது தவறு. விற்றால் நிகரமாகக் கிடைப்பதும், ஓட்டினால் வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பும், இரண்டில் எது அதிகமோ அதுதான் மீட்கத்தக்க தொகை. புத்தக மதிப்பை அதுவரைதான் குறைக்க வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மெஷினின் புத்தக மதிப்பு 12 லட்சம். தரகும் கழற்றும் கூலியும் போக 4 லட்சம் கிடைக்கும். ஓட்டினாலோ 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரும். அதை 10 லட்சம் என்று கூட்டிவிடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 10% தள்ளுபடி விகிதத்தில் குறைத்தால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 7.58 லட்சம்.

இது 4 லட்சத்தைவிட அதிகம், அதனால் 12 லட்சத்திலிருந்து இதைத்தான் கழிக்க வேண்டும். நஷ்டம் 4.42 லட்சம், 8 லட்சம் அல்ல. அப்புறம் தேய்மானத்தையும் 7.58 லட்சத்தின் மீதே போட வேண்டும்.