ஓடிப்போகாத ஆளிடம் ஏமாந்தால் ஸ்டேஷனுக்கு ஓடிப் பயனில்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கொஞ்ச நாளாக இதே பேச்சு: "அக்காவை பேங்க்ல ஸ்கேம் பண்ணிட்டாங்க." நடந்தது ஸ்கேம் இல்லை. ஸ்கேமை விடச் சின்னத் தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டுக்கும் போக வேண்டிய வாசல் வேற. அது தெரியாமல் ஓடியதில், கையில் இருந்த கொஞ்ச நாளும் கரைந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன பணத்தில் 5 லட்சம் எஃப்.டி.யில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வரும். 7 சதவீதம் என்று வைத்தால் 8,750 ரூபாய். மாத்திரைக்கும் கரண்ட் பில்லுக்கும் அதுதான். எஃப்.டி. முதிர்ந்ததும் புதுப்பிக்கப் போனவரை உள்ளே ஒரு மேசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறார்கள். "இதுவும் எஃப்.டி. மாதிரிதாம்மா. அஞ்சு வருஷம், 8 பர்சன்ட், இன்சூரன்ஸ் ஃப்ரீ."

பேங்க் விற்றது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் யூலிப். பங்குச்சந்தையோடு ஏறி இறங்குகிற பணம், அதன் மேல் கொஞ்சம் ஆயுள் காப்பீடு. அந்த 8 சதவீதம் வட்டியே இல்லை. 4 சதவீதம் வளர்ந்தால் இவ்வளவு, 8 வளர்ந்தால் இவ்வளவு என்று உதாரணத்துக்குக் கணக்குப் போட்டு ஒரு தாள் தருவார்கள். அதில் பெரிய எண் இருக்கிற பக்கத்தை மட்டும் விரலால் காட்டியிருக்கிறார்கள். அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது. காலாண்டு வட்டி கிடையாது. எஃப்.டி.க்கு 5 லட்சம் வரை இருக்கும் டெபாசிட் காப்பீடும் இதற்குக் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், 5 லட்சம் ஒரே தடவை கட்டுவது இல்லை, வருஷா வருஷம் அஞ்சு தடவை கட்ட வேண்டிய பிரீமியம்! அடுத்த வருஷம் கட்டாவிட்டால் பாலிசி நின்று, ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு, மிச்சம் குறைந்தபட்சம் 4 சதவீதம் தரும் தனி நிதியில் அஞ்சு வருஷம் முடியும்வரை கிடக்கும்.

மகன் பாலிசி வந்த கவரைப் பிரித்துப் படித்ததும் நேரே ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே கேட்டது நியாயமான கேள்விதான்: "பணம் எங்க இருக்குன்னு தெரியுது, கையெழுத்தும் உங்க அம்மாவோடது. யாரைப்பா தேடச் சொல்ற?"

வித்தியாசம் இங்கேதான். ஸ்கேமில் ஆள் போலி, கம்பெனி போலி, பணம் நிமிஷத்தில் பல கணக்குக்குத் தாவிவிடும். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அடித்தால்தான் எங்காவது முடக்க முடியும். இங்கே எல்லாமே அசல். பேங்க் அசல், பாலிசி அசல், விற்ற ஆள் நாளைக்கும் அதே நாற்காலியில் இருப்பார். தாளில் உண்மை இருக்கிறது, பொய் முழுக்க வாயில். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும்போது "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க" என்று சொல்லிக் கொடுப்பதும் அதற்குத்தான். பின்னால் அந்தப் பதிவு நமக்கு எதிராகப் பேசும். டார்கெட் நெருக்கடி என்பார்கள். இருக்கலாம், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நெருக்கடியை ஒரு விதவையின் மாத்திரைக் காசில் இறக்கி வைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. (கையெழுத்தையே போலியாகப் போட்டிருந்தால் கதை வேறு, அது போலீஸ் வேலைதான்.)

பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். ஃப்ரீ லுக் என்பார்கள். இதற்கு யார் பொய் சொன்னார் என்று நிரூபிக்கவே வேண்டாம். பேங்கில் போய்க் கேட்டால் "மேனேஜர் லீவு", "அடுத்த வாரம் வாங்கம்மா". அந்த இழுத்தடிப்பு தற்செயல் என்று நான் நம்பவில்லை. 30 நாள் தாண்டினால் போதும் அவர்களுக்கு. அதனால் கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனியின் சொந்தக் கிளையில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கி, அதையே மின்னஞ்சலும் செய்ய வைத்தோம். கூரியர் வந்த தேதிக்கு ஆதாரமும் வைத்தோம். முக்கால்வாசி நாள் போயிருந்தும் ஏற்றுக்கொண்டார்கள். ஸ்டாம்ப் செலவும் அந்தச் சில நாளுக்கான காப்பீட்டுக் கட்டணமும் கழித்து, அன்றைய யூனிட் மதிப்புப்படி பணம் வந்தது.

30 நாள் தாண்டியவர்களுக்குப் பாதை நீளம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்தது சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். அங்கே வாய்ப்பொய்யை நிரூபிக்க வேண்டியிருக்கும். மேசைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப், தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் காட்டிய கணக்கு, அதே நாளில் எஃப்.டி. முடிந்து அதே தொகை பிரீமியமாகப் போனதைக் காட்டும் பாஸ்புக் பக்கம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. பழைய பாலிசியில் மாட்டிக் கிடப்பவர்களுக்கு, "ஐ.ஆர்.டி.ஏ.ஐ.ல இருந்து பேசறோம், உங்க பணம் ரிலீஸ் ஆயிடுச்சு, ஜி.எஸ்.டி. மட்டும் கட்டுங்க" என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பின் பேரைச் சொல்லி போன் வரும். அது அசல் ஸ்கேம். 1930 அதற்குத்தான்.