விண்ணப்பத்துக்கு ஏஐ படம் வேண்டாம்

நீட் விண்ணப்ப நேரத்தில் ஒரு பெண் தன் அப்பாவோடு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். "போட்டோ எடுக்க வேண்டாம் அண்ணா, போன்லயே இருக்கு. கேபி மட்டும் குறைச்சுக் கொடுங்க" என்றாள். ஏஐ செயலியில் செல்ஃபியைக் கொடுத்து வாங்கிய படம். கோட், வெள்ளைப் பின்னணி என்று எல்லாம் இருந்தது.

நான் ஒரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். செயலிப் படத்தில் இடது கன்னத்து மச்சம் இல்லை. தாடை ஒடுங்கியிருந்தது, கண் பெரிதாகியிருந்தது. காது மடலின் ஓரம் முடியோடு கரைந்துபோயிருந்தது. "என் பொண்ணு மாதிரியேதானே இருக்கு?" என்றார் அப்பா. மாதிரி இருந்தால் போதாது என்பதுதான் என் வாதமே.

ஸ்டூடியோவில் நாங்கள் வெளிச்சத்தைச் சரிசெய்வோம், சாய்ந்த தலையை நேராக்குவோம், ஓரத்தை வெட்டுவோம். முகத்தின் அளவுகள் அப்படியே இருக்கும். இந்தச் செயலிகள் முகத்தையே புதிதாக வரைகின்றன. முகத்தை ஒப்பிடும் கணினி பார்ப்பதும் அந்த முக அமைப்பைத்தான். ஏஐகூட வேண்டியதில்லை, போன் கேமராவில் பியூட்டி மோடு ஆனில் இருந்தாலே தோலை வழித்து மச்சத்தை மங்கலாக்கிவிடும்.

'அப்லோடு ஆகிவிட்டதே' என்பார்கள். ஃபைல் அளவும் வகையும் சரியாக இருந்தாலே ஏறிவிடும். அது நீங்கள்தானா என்ற கேள்வி பிறகுதான் வரும். அந்த ஒரே படம்தான் ஹால் டிக்கெட்டில் வருகிறது. தேர்வு மையத்தில் வருகைப் பதிவில் ஒட்டுவதும் அதன் பிரிண்ட்தான். கலந்தாய்வில், கல்லூரியில் சேரும்போது என்று எங்கும் அதோடுதான் முகத்தை ஒத்துப் பார்க்கிறார்கள்.

2019-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் நீட் ஆள்மாறாட்டம் பிடிபட்டது நினைவிருக்கும். ஹால் டிக்கெட்டில் இருந்த முகமும் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவரின் முகமும் ஒத்துப்போகவில்லை. அங்கே குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது அந்தச் சின்னப் படம்தான். எல்லாரும் வரைந்த முகத்தை ஏற்றினால் நிஜமான ஆள்மாறாட்டக்காரனைப் பிரித்தறிவது எப்படி? ஒரு தப்பும் செய்யாத பிள்ளை, தேர்வு நாள் காலையில், கண்காணிப்பாளர் முன்னால் 'இது நான்தான்' என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அந்தப் பதற்றத்தோடு உள்ளே போய் எப்படி எழுதும்?

கோட் படம் வாட்ஸ்அப் டிபியில் இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு வெள்ளைத் துணி முன்னால் உட்காரவைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்லி, மச்சத்தோடு இன்னொரு முறை எடுத்தோம். அதே படத்தில் பாஸ்போர்ட் சைஸ் எட்டு பிரிண்ட், 4x6-ல் இரண்டு போட்டுக் கொடுத்து, கவுன்சிலிங் முடியும்வரை அந்த ஃபைலை அழிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.