துண்டு துண்டாக வரும் செய்தியும் ஒரே பத்தியாக வரும் செய்தியும்

கடந்த மாதம் ஓர் இரவு பத்தே முக்காலுக்கு என் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் அரை நிமிடத்துக்குள் ஐந்து செய்திகள் வந்து விழுந்தன. "அண்ணா", "முழிச்சிருக்கியா", "ஒரு விஷயம்", "அம்மாகிட்ட கேக்க வேணாம்னு பாத்தேன்", "அந்த கேஸ் புக் எங்க வச்சிருக்க". நான்காவது செய்திவரை எனக்கு நெஞ்சு படபடத்தது. ஐந்தாவதைப் படித்ததும் என் மீதே எரிச்சல் வந்தது. அவள் எப்போதும் இப்படித்தான் எழுதுவாள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

நேர்ப்பேச்சில் ஒருவர் முடிக்கிறாரா, தொடர்கிறாரா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கமும் மூச்சும் நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். உரையாடலில் பேசும் வாய்ப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதை சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூன்று உரையாடல் ஆய்வாளர்கள் 1974-இல் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கினார்கள். ஒரு வாக்கியம் முடியக்கூடிய இடம் வரும்போதுதான் அடுத்தவர் பேசத் தொடங்குகிறார் என்பது அதன் அடிப்படையான அவதானிப்புகளுள் ஒன்று. அரட்டைத் திரையில் குரல் இல்லாததால், எழுதியதை அரைகுறையாகவே அனுப்பிவிடுவது "நான் இன்னும் முடிக்கவில்லை, போய்விடாதே" என்று கையைப் பிடித்து நிறுத்துவதற்கு ஈடாகிறது. ஆகவே சிறு செய்திகளின் சரம், எதிரில் இருப்பவர் இப்போதே தன்னோடு இருக்க வேண்டும் என்ற விருப்பத்தைத்தான் முதலில் காட்டுகிறது. அந்த விருப்பத்துக்குப் பதற்றமும் காரணமாகலாம், வெறும் உற்சாகமும் காரணமாகலாம், கேஸ் புத்தகமும் காரணமாகலாம்.

எது என்று அறிய, வாக்கியம் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது எனக்கு உதவியிருக்கிறது. துண்டுகளைச் சேர்த்தால் ஒழுங்கான ஒரு வாக்கியம் கிடைத்தால் அது பழக்கம். விஷயம் முன்னேறாமல் பெயரே மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டால், நடுவில் ஒரு தவறிய அழைப்பும் இருந்தால், யோசிக்காமல் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான். ஆனாலும் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று அதே தங்கை அனுப்பியது ஒரே ஒரு செய்தி: "அப்பா விழுந்துட்டார், உடனே கூப்பிடு." எப்போதும் துண்டாக எழுதுபவள் அன்று முழுமையாக எழுதினாள். அவசரத்தைக் காட்டியது எண்ணிக்கை அல்ல, அவளுடைய வழக்கம் மாறியதுதான். (அலைவரிசை இல்லாமல் தேங்கிக் கிடந்து மொத்தமாக வந்து கொட்டும் செய்திகளையும், கணினியில் எண்டர் விசையைத் தவறி அழுத்தியதால் உடைந்த வாக்கியங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.)

இதை நன்றாக அறிந்திருந்தும், நீளமான செய்தி ஒன்றில் நான் தவறினேன். ஒரு நண்பரும் நானும் சேர்ந்து மாலை வகுப்பு ஒன்று நடத்தி வந்தோம். "சரி", "ம்" என்பதற்கு மேல் எழுதாத மனிதர் அவர். ஒரு ஞாயிறு காலை அவர் பெயருக்குக் கீழே தட்டச்சு செய்கிறார் என்ற குறிப்பு தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அதன்பின் திரையை நிறைத்து, மேலும் படிக்க என்று மடிந்து நிற்கும் அளவுக்கு ஒரு பத்தி வந்தது. முற்றுப்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. இவ்வளவு நிதானமாக எழுதியவர் நிதானமாகத்தான் இருப்பார் என்று எண்ணி, மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன். வேறோர் இடத்தில் எழுதித் திருத்தி ஒட்டப்பட்ட செய்தி, யோசனையின் தொடக்கம் அல்ல, முடிவு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாத இறுதிக்குள் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்ற உண்மையான கோரிக்கை கடைசி இரண்டு வரிகளில் இருந்தது. நீண்ட செய்திகளில் அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஏனெனில் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அதைச் சொல்வதற்கான தயக்கம்.

மறுநாள் மாலை அவரிடமிருந்து இரண்டாவது செய்தி வந்தது. சரியான பதில் வராதபோது அனுப்பப்படும் இரண்டாம் செய்தியை எல்லோரும் அவசரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்; அது என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. முதலில் சொன்னதோடு புதிய தகவல் எதையாவது சேர்த்தால் அது சாதாரணம். கேள்விக்குறி மட்டும் வந்தால் அது பொறுமையின்மை. முதல் செய்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வகையில் வந்தால்தான் எனக்குப் பயம். 2014-இல் வாட்ஸ்அப்பில் நீல நிறக் குறி வந்தபின், படித்துவிட்டும் பேசாமல் இருக்கிறான் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மான உணர்வு உள்ளவர் மீண்டும் கேட்பதில்லை, கேட்டதையே சிறிதாக்கிக் காட்டுகிறார். நண்பர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பரவாயில்ல, நீங்க பிஸியா இருப்பீங்க. சும்மாதான் சொன்னேன்."

அதைப் படித்தபின் முந்தைய நாளின் பத்தியை முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தேன். அன்றிரவு தொலைபேசியில் அழைத்தபோது, அதை வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டதாகவும், இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்ததாகவும் சொன்னார்.