திரையில் காட்டாத மூன்றாவது தூரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். கால் கிராம் குறைந்தாலும் கை சொல்லிவிடும். அப்படிப்பட்டவன்தான் போன வாரம் சாப்பாடு டெலிவரிக்குப் போன முதல் சாயங்காலமே ஆறு கிலோமீட்டரைக் கோட்டை விட்டேன்.

பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறான். ஆப்பை அவனே ஏற்றிக் கொடுத்தான். ஆறு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியை நிறுத்தி ஆன்லைன் போட்டேன்.

முதல் ஆர்டர் வந்தபோது போன் அலறிய அலறலில் பக்கத்தில் பூ விற்ற அக்காவே திரும்பிப் பார்த்தார். கடை பெயர், தூரம், தொகை என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வந்ததைக் கவனிக்கவில்லை. வட்டம் முடிந்தது, ஆர்டரும் போச்சு.

அடுத்தது வந்ததும் படிக்காமலே அழுத்திவிட்டேன். 52 ரூபாய் என்பது மட்டும் கண்ணில் பட்டது. கடை 1.2 கிலோமீட்டர், வாடிக்கையாளர் வீடு அங்கிருந்து 6.3. கன்னங்குறிச்சி.

கடையில் கூட்டம். வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு 'வந்துவிட்டேன்' பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தான் தம்பி. காத்திருக்கும் நேரம் அதிலிருந்துதான் கணக்காம். பதினான்கு நிமிஷம் நின்றேன். ஒரே மாதிரி மூன்று பை மேஜைக்கு வந்தன. பில்லில் ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் திரையோடு ஒப்பிட்ட பிறகுதான் 'எடுத்துவிட்டேன்' என்று தள்ள வேண்டும். தள்ளிவிட்டால் அது நம் பொறுப்பு. இந்த ஒப்பிடுகிற வேலை எனக்குப் பழகினதுதான், பட்டறையில் எடைச் சீட்டு பார்க்கிற மாதிரி.

ஐந்து ரோட்டில் பாலத்துக்குக் கீழேயே போனேன். நான் மேலே போகிறேனா கீழே போகிறேனா என்று மேப்புக்குத் தெரியவில்லை. அது ஒன்று சொல்ல, ரோடு ஒன்று சொல்லியது. அஸ்தம்பட்டி தாண்டிக் கன்னங்குறிச்சி வந்து பார்த்தால் குறி மூக்கனேரியில் இருக்கிறது. கரையில் இல்லை, ஏரித் தண்ணிக்குள்ளே! வீட்டுக்குள் உட்கார்ந்து ஆர்டர் போட்டால் ஜிபிஎஸ் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் குறி இப்படித் தள்ளி விழும். முகவரியில் 'பிள்ளையார் கோயில் பின்புறம்' என்று மட்டும் இருந்தது. எந்தப் பிள்ளையார்?

போன் போட்டேன். ஒரு பெரியம்மா எடுத்தார். "கோயிலைத் தாண்டி ரெண்டாவது சந்துப்பா, பச்சைக் கேட்டு" என்றார். போய் நின்றால் 'சேர்ந்துவிட்டேன்' பொத்தான் வேலை செய்யவில்லை. நான் இடத்தில் இல்லை என்கிறது ஆப். அதன் கணக்கில் நான் ஏரியில் இருக்க வேண்டும். உதவிப் பிரிவுக்குச் செய்தி போட்டுப் பொத்தான் திறக்க ஒன்பது நிமிஷம். அதற்குள் பெரியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பில் 286, அவர் நீட்டியது ஐந்நூறு. சில்லறை மாற்றப் பெட்டிக்கடைக்கு ஓடியது தனிக் கதை.

ஆனால் அசல் நஷ்டம் அதற்கப்புறம்தான். ஏரிக்கரையில் கால் மணி நேரம் நின்றும் ஒரு ஆர்டர் அடிக்கவில்லை. கடைகள் எல்லாம் இந்தப் பக்கம் இருக்க, அங்கே எப்படி அடிக்கும்? சாப்பாடு எடுத்த கடைக்கே திரும்பினேன். திரையில் இருந்தது 1.2, 6.3 இரண்டும்தான். திரும்பி வந்த 6.3-க்குக் காசும் இல்லை, கணக்கும் இல்லை. மொத்தம் 13.8 கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கும். பெட்ரோல் 102 என்று வைத்தால் 31 ரூபாய் போய், மிச்சம் 21. ஒன்றரை மணி நேர உழைப்பு அது.

தம்பிக்குப் போன் செய்தேன். சிரித்தான். "அண்ணா, காசைப் பாக்காதீங்க. இறக்குற எடத்துல கடை இருக்கான்னு பாருங்க" என்றான். எல்லா ஆர்டரையும் வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. ஏற்கும் சதவீதம் விழுந்தால் ஊக்கத்தொகை போய்விடும். அந்தத் திரும்பும் தூரத்தையும் திரையில் காட்டிவிட்டு அப்புறம் சதவீதம் பார்க்கட்டுமே என்பதுதான் என் வாதம். எடையைப் பாதி மறைத்துவிட்டு விலை பேசினால் எங்கள் தொழிலில் யாரும் கொலுசு வாங்க மாட்டார்கள்.

எட்டு மணிக்கு மேல் கொண்டலாம்பட்டிக்கு 58 ரூபாய் அடித்தது. விட்டுவிட்டேன். அடுத்து ஃபேர்லேண்ட்ஸுக்கு 29, இறக்கும் தூரம் 2.1. எடுத்தேன். இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புவதற்குள் அடுத்தது அடித்தது.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஆறு ஆர்டர், 221 ரூபாய். சட்டைப் பையிலிருந்து 704 ரூபாயை எடுத்து வைத்ததும் வீட்டம்மா முகத்தில் ஒரு சந்தோஷம். "முத நாளே இவ்வளவா?" என்றாள். அது வாடிக்கையாளர்கள் கொடுத்த ரொக்கம், கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் என்று சொல்வதற்குள் இருநூறைத் தனியாக எடுத்து அரிசி டப்பாவில் வைத்துவிட்டாள்.