தடிப்பான போத்தல் சூடு தாங்குமா?

"சோடாப் போத்தல் நல்ல தடிப்பு. பனம்பழ ஜாமைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினாலும் வெடிக்காது."

தவறு. அந்தத் தடிப்பு வாயு அழுத்தத்தைத் தாங்கத்தான். சூடு பட்டதும் உட்பக்கம் விரியும், வெளிப்பக்கம் குளிர்ந்தே நிற்கும். கண்ணாடி தடிக்கத் தடிக்க இந்த இழுபறியும் கூடும். பெரும்பாலும் அடியோரத்தில்தான் வெடிக்கும்.

கழுத்தைப் பாருங்கள். புரியில்லாமல், விளிம்பில் தடித்த வளையம் மட்டும் இருந்தால் அது தகர மூடி நெரித்துப் பூட்டும் சோடாப் போத்தல். கழற்றிய மூடி மறுபடி இறுகாது. அகன்ற வாயைச் சுற்றித் துண்டு துண்டாகச் சாய்ந்த புரிகளும், கால் சுற்றில் திறக்கும் மூடியும் இருந்தால் ஜாம் போத்தல். அதையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்கிய பிறகே நிரப்ப வேண்டும். மூடியின் உள்வளையத்தில் ஆழமாகத் தடம் பதிந்திருந்தால் மூடியை மட்டும் மாற்றினால் போதும்.