97.3 சதவீதம் எதன் மீது?

“சூதாட்ட விடுதியில் ஆட்டக்காரருக்குத் திரும்பும் பங்கான ஆர்.டி.பி. 97.3 சதவீதம் என்றால், 10,000 ரூபாயுடன் போனவர் 9,730 ரூபாயுடன் திரும்புவார்.” இல்லை. அந்தச் சதவீதம் கொண்டுபோன பணத்தின் மீதல்ல, பந்தயம் கட்டிய மொத்தத் தொகையின் மீது. ஒற்றைப் பூஜ்ஜிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள், சிவப்பு 18. ஒவ்வொரு முறையும் சிவப்பில் 100 ரூபாய் வைத்தால், 37 சுழற்சிக்குச் சராசரியாக 18 வெற்றி, 19 தோல்வி. கட்டிய 3,700 ரூபாயில் 100 ரூபாய், அதாவது 2.7 சதவீதம், விடுதிக்குப் போகிறது. மீதிதான் ஆர்.டி.பி. (விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.) வென்ற பணத்தையே மீண்டும் வைப்பதால், 1,000 சுழற்சியில் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டியாகிவிடும்; எதிர்பார்க்க வேண்டிய நட்டம் 270 அல்ல, 2,700. “நான் லாபத்தோடுதான் வந்தேன்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. 1,000 சுழற்சியில் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 3,160 ரூபாய், நட்டத்தைவிடப் பெரிது. ஐந்தில் ஒருவர் லாபத்தில் எழுந்திருப்பார். 10,000 சுழற்சியில் நட்டம் பத்து மடங்காகி 27,000 ஆகும், ஏற்ற இறக்கமோ 10,000தான். கைப்பணம் அதுவரை தாங்கினாலும் ஆயிரத்தில் மூன்று நான்கு பேரே லாபம் காண்பார்கள். இன்னொன்று: 100இல் விடுதியின் பங்கைக் கழித்து ஆர்.டி.பி.யைப் பெறுவது ரூலெட்டுக்குச் சரி. பிளாக்ஜாக்கில் விடுதியின் பங்கை முதலில் வைத்த பந்தயத்தின் மீதே கணக்கிடுவார்கள்; நடுவில் இரட்டிப்பாக்கிய தொகை அதில் சேராது.